மீதி 89 லட்சமா, 122 லட்சமா: மார்த்தாண்டம் பக்கம் ஒரு வணிகக் கட்டடத்தின் மிச்சச் செலவுக் கணக்கு

பின்னணி

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் வழியில், ரோட்டோரம் ஒரு மூன்று நிலைக் கட்டடம். கீழே கடைகள், முதல் மாடி ஒரு பல் மருத்துவமனைக்கு வாடகைக்குப் பேசி வைத்தது, இரண்டாம் மாடி அலுவலகங்களுக்கு. தளத்துக்கு 3,200 சதுர அடி வீதம் மொத்தம் 9,600 சதுர அடி. இடம் முன்பக்கம் ரோடு மட்டத்தில் இருக்கிறது, பின்பக்கம் செம்மண் சரிவாக இறங்கி வாழைத் தோட்டத்தில் போய் முடிகிறது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பாதி மனைகள் இப்படித்தான். இந்தச் சரிவு பின்னால் கணக்கில் வரும்.

உரிமையாளர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் வளைகுடாவில், தம்பி ஓய்வு பெற்ற ஆசிரியர், சைட்டைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பட்ஜெட் 240 லட்சம். அதில் சிவில் வேலை 138, மின்சாரமும் குழாயும் 26, லிஃப்ட் 15, அலுமினிய ஜன்னல் கதவு கண்ணாடி 18, டைல்ஸும் பெயின்ட்டும் 24, கட்டணங்கள் 9, எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பாக 10. எல்லா எண்களும் லட்சத்தில், ஜிஎஸ்டி சேர்த்து. வாடகைக்கு விடக் கட்டும் கட்டடத்துக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால் வரியும் செலவுதான், அதைத் தனியே வைத்துப் பேசினால் கணக்கு ஏமாற்றும்.

செப்டம்பர் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று தளமும் கான்கிரீட் முடிந்திருந்தது, இரண்டாம் மாடியில் பாதிச் சுவர் வரை வந்திருந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னும் எவ்வளவு?" தம்பியின் நோட்டில் பதில் ஏற்கெனவே இருந்தது. 240 பட்ஜெட், 151 கொடுத்தாச்சு, மீதி 89. வங்கியில் எடுக்காமல் இருக்கும் கடன் 45, சொந்தக் கையில் 44, ஆக 89. சரியாகப் பொருந்துகிறது என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் காண்ட்ராக்டர் மட்டும் அடிக்கடி, "சார், அடுத்த பில்லு கொஞ்சம் பெருசா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்தது: கொடுத்த பணம் வேறு, ஆன செலவு வேறு

240லிருந்து 151ஐக் கழித்தால் வருவது பட்ஜெட்டின் மீதி, வேலையின் மீதி அல்ல. வேலையை முடிக்க எவ்வளவு ஆகும் என்பதை மிச்சம் கிடக்கும் வேலையைப் பார்த்துத்தான் போட முடியும். ஆகவே நோட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆன வேலையை அளந்து பதியும் எம் புக்கையும் ஒப்பந்தங்களையும் எடுத்தோம்.

பெரிய தொகை சிவில். ஒப்பந்தம் 138, கொடுத்தது 118, ஆகவே இன்னும் 20 என்பது தம்பியின் கணக்கு. ஆனால் இது மொத்தத் தொகைக்குப் பேசிய ஒப்பந்தம் இல்லை, அளந்து கொடுக்கும் ஒப்பந்தம். விலைப்பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேட், ஆன அளவை அதனால் பெருக்கிப் பணம். அப்படியென்றால் 138 என்பது ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு நினைத்த அளவுகளின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான், உச்சவரம்பு கிடையாது. அளவு மாறினால் அந்த எண்ணும் மாறும், யாரும் மாற்றம் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

எம் புக்கில் அதுவரை அளந்த வேலையின் மதிப்பு 124. அதே வேலைக்கு விலைப்பட்டியலில் போட்டிருந்தது 111. வித்தியாசம் 13 எங்கிருந்து வந்தது என்று தேடினால் இரண்டே இடம். ஒன்று, பின்பக்க அஸ்திவாரம். சரிவை நிரவிய இடத்தில் கெட்டி மண் வரும் வரை தோண்டியதில் சராசரி ஆழம் கூடியிருக்கிறது, 6 லட்சம். இரண்டாவது கம்பி. எஸ்டிமேட் போட்டவர் சதுர அடிக்கு 3.5 கிலோ என்று கைக்கணக்கில் எடுத்து 33.6 டன் வைத்திருந்தார். கடைகளுக்கு நடுவில் தூண் வேண்டாம் என்று அகலமான பீம் கொடுத்த டிசைனில் அது சதுர அடிக்கு 4.4 கிலோவாக, 42 டன்னுக்குக் கொஞ்சம் மேலே போயிருந்தது. கூடுதல் 8.6 டன், கட்டுக்கூலியும் வரியும் சேர்த்து டன்னுக்கு 80,000 என்றால் கிட்டத்தட்ட 7 லட்சம்.

இந்த 13 லட்சம் எதிர்காலத்தில் வரப்போகும் பிரச்சினை இல்லை. அது ஏற்கெனவே கான்கிரீட்டுக்குள் இருக்கிறது, பணமாகவும் பெரும்பகுதி போய்விட்டது. நோட்டில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், அதே 118 'சிவில் வேலைக்குக் கொடுத்தது' என்ற ஒற்றை வரியில் இருந்ததுதான். ஒப்பந்த எண்ணுக்குக் கீழேயே இருந்ததால் எல்லாம் நன்றாகப் போவதுபோலத் தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. 124க்கு 118 கொடுத்திருக்கிறார்கள் என்றால் மீதி 6 மிச்சப்பட்டதல்ல. அது ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைக்கும் 5 சதவீதம், வேலை முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அடுத்தவர் பணம் நம் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

கட்டுப்பட்ட செலவு

மிச்ச சிவில் வேலையை அறை அறையாக நடந்து அளந்தோம். இரண்டாம் மாடிச் சுவர், உள்ளும் புறமும் பூச்சு, பாராபெட், மொட்டைமாடித் தட்டோடு, செப்டிக் டேங்க், சம்ப். விலைப்பட்டியலில் இதற்கு 27 மிச்சம் இருந்தது. ஆனால் படிக்கட்டு மேல் அறையும் பாராபெட்டின் உள்பக்கப் பூச்சும் பட்டியலில் விட்டுப்போயிருந்தன. படத்தில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. கட்டாமல் விடவும் முடியாது. அதையெல்லாம் சேர்த்து 32. ஆக சிவில் முடியும்போது 124ம் 32ம் சேர்ந்து 156. தம்பியின் கணக்கில் இன்னும் 20, உண்மையில் பிடித்தம் 6, மிச்ச வேலை 32, ஆக 38.

லிஃப்ட்டில் ஒரு எரிச்சலான விஷயம். பட்ஜெட்டில் 15 என்று இருந்தது கொட்டேஷனின் முதல் பக்கத் தொகை. இரண்டாம் பக்கத்தில் 'வரி தனி' என்று ஒரு வரி. 18 சதவீதம் சேர்த்தால் 17.7. ஆர்டர் போட்டு 5 லட்சம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ரத்து செய்தால் முன்பணம் போகும், ஆகவே 18 என்றே எடுத்துக்கொண்டோம்.

மின்சாரம், குழாய் இரண்டும் மொத்தத் தொகைக்குப் பேசியது. 12 கொடுத்தாகிவிட்டது, 26தான் ஆகும். கட்டணங்கள் 9, அதில் 7 கட்டியாகிவிட்டது. டைல்ஸ் 9 லட்சத்துக்கு வாங்கி ஸ்டோரில் கிடந்தது. மிச்ச டைல்ஸ் வேலையும் பெயின்ட்டும் 15 ஆகும், ஆக 24லேயே நிற்கும்.

அலுமினியம்தான் வேறு மாதிரி. அதற்கு இன்னும் யாருக்கும் ஆர்டர் கொடுக்கவில்லை. 18 என்பது பழைய கொட்டேஷன், அதில் போட்டிருந்த கெடு எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக இருவரிடம் வாங்கியதில் குறைந்தது 21. இதை, ஒப்பந்தமோ ஆர்டரோ போட்டுக் கட்டுப்பட்ட செலவோடு சேர்க்காமல் 'ஆர்டர் போகாதது' என்று தனியே குறித்தேன், ஏனென்றால் கையெழுத்தாகாத எண்ணில் மட்டும்தான் குறைக்கவும் முடியும், ஏறவும் செய்யும். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால் எங்கே பேரம் பேச இடமிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

எல்லாம் சேர்ந்து 254. கையிருப்பு 10ஐச் சேர்க்காத பட்ஜெட் 230. அதாவது யாரும் புதிதாக எதுவும் கேட்காமல், மழையும் பெய்யாமல், பாறையும் வராமல் இருந்தாலே கையிருப்பு முழுதும் கரைந்து இன்னும் 14 கூடுதல்.

முடிவாகாத மாற்றங்கள்

இதற்கு எந்த ஆவணமும் இல்லை. தம்பியிடமும் காண்ட்ராக்டரிடமும் தனித்தனியே, "பேசி, எழுதாமல் விட்டது என்னென்ன?" என்று கேட்டுப் பட்டியல் போட்டேன். இரண்டு பட்டியலும் ஒன்றாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாவது, பல் மருத்துவர் கேட்ட கூடுதல் கழிப்பறையும் தடுப்புச் சுவர்களும். தம்பி வாட்ஸாப் குரல்பதிவில் சரி சொல்லியிருந்தார், குழாய்க்கான ஓட்டைகள் போட்டும் ஆகிவிட்டது. விலை பேசவில்லை. நாங்கள் போட்ட மதிப்பு 4. வேலை தொடங்கிவிட்டதால் 'வருமா வராதா' என்ற கேள்வியே இல்லை, முழுசாக 4.

இரண்டாவது, பின்பக்கத் தடுப்புச் சுவர். படத்தில் சரிவை அப்படியே விட்டிருந்தார்கள். ஆனால் ஜெனரேட்டரும் செப்டிக் டேங்கும் அந்தப் பக்கம் வருவதால் 28 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் சுவர் இல்லாமல் முடியாது. காண்ட்ராக்டர் கேட்டது 8, எங்கள் அளவுப்படி 6. இது உரிமையாளர் தலையில் வரும் வேலைதான், ஆகவே 6 வைத்தோம். கேட்ட தொகையை அப்படியே வைப்பதும் தப்பு, பிடிக்கவில்லை என்பதற்காகப் பூஜ்யம் வைப்பதும் தப்பு.

மூன்றாவது, ஜெனரேட்டர் அறையை இடம் மாற்றுவது. 2 லட்சம், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பாதி, 1.

நான்காவதில்தான் வாக்குவாதம். கம்பி, சிமென்ட் விலை ஏறிவிட்டது என்று காண்ட்ராக்டர் 5 லட்சம் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் 14 மாதத்துக்கு விலையேற்றம் கிடையாது என்று தெளிவாக இருக்கிறது, ஆகவே தம்பி அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனால் இரண்டாம் தளத்தின் பீம் விவரப்படம் நம் தரப்பிலிருந்து இரண்டு மாதம் தாமதமாகப் போயிருந்தது, அதற்குக் கடிதப் போக்குவரத்தும் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் வாங்கிய பொருளுக்கு அவர் பக்கம் நியாயம் உண்டு. அந்தப் பகுதியை மட்டும் கணக்கிட்டு 2 வைத்தோம்.

அப்புறம், அண்ணனுக்கு மொட்டைமாடியில் ஷீட் கூரை போட ஆசை. 9 லட்சம் ஆகும். அனுமதி வரைபடத்தில் இல்லாதது, யாரும் முடிவெடுக்காதது. இதை நான் எதிலும் சேர்க்கவில்லை, 'ஆசைகள்' என்று கடைசியில் ஒரு வரி எழுதி வைத்தேன். விருப்பத்தைக் கணிப்புக்குள் விட்டால் பிறகு அதைச் 'செய்யாமல் மிச்சம் பிடித்தோம்' என்று யாராவது கணக்கு காட்டுவார்கள்.

மாற்றங்கள் மொத்தம் 13. இப்போது 267.

மிச்ச ரிஸ்க்

வேலை இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு எல்லா ரிஸ்க்கையும் எழுத வேண்டாம். அஸ்திவாரம், கான்கிரீட் தொடர்பானவை முடிந்துவிட்டன. பொருள் விலையும் பெரும்பாலும் காண்ட்ராக்டர் தலையில். உரிமையாளர் பையிலிருந்து போகக்கூடியவை ஐந்துதான். ஒவ்வொன்றுக்கும் நடந்தால் எவ்வளவு, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டு கேள்வி கேட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்பூச்சும் பின்பக்கத் தோண்டலும் நின்றால் 2, வாய்ப்பு பாதிக்குப் பாதி. செப்டிக் டேங்க் இடத்தில் சோதனைக் குழி ஒன்றில் ஓர் ஓரமாகப் பாறை தட்டியது, முழுதும் பாறையாக இருந்து பிரேக்கர் வைக்க வேண்டி வந்தால் 3, மூன்றில் ஒரு வாய்ப்பு. தடுப்புச் சுவருக்கான கருங்கல் விலைக்கு 2, குவாரி லோடு சரியாக வராத சமயத்தில் விலை எப்படிப் போகும் என்று இங்கே கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அலுமினியத்துக்கு 2. மின் இணைப்புக்கு 4, ஏனென்றால் பல் மருத்துவமனை ஏசியும் லிஃப்ட்டும் சேர்ந்து லோடு கூடிவிட்டது, மின்வாரியத்தின் எஸ்டிமேட் இன்னும் கைக்கு வரவில்லை. கடைசி மூன்றுக்கும் பாதி வாய்ப்பு.

எல்லாமே நடந்தால் 13. வாய்ப்பால் பெருக்கினால் 6. கடன் வட்டி இந்தப் பட்ஜெட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது, ஒரு மாதம் தாமதமானால் அது தனியாக 1 லட்சம்.

| | லட்சம் |
|---|---|
| கட்டுப்பட்டதும் ஆர்டர் போகாததும் | 254 |
| முடிவாகாத மாற்றங்கள் | 13 |
| மிச்ச ரிஸ்க் | 6 |
| முடியும்போது மொத்தம் | 273 |
| இதுவரை கொடுத்தது | 151 |
| இன்னும் தேவை | 122 |

மோசமான நிலையில் 280. இன்னும் தேவைப்படும் 122ல் சுமார் 8 பிடித்தத் தொகை, திறப்புக்குப் பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் போகும். ஆகவே திறப்பு வரை 114. கையில் 89. பற்றாக்குறை 25, பிடித்தத்தையும் சேர்த்தால் 33.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வீடியோ காலில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "யார் தின்னது?" யாரும் தின்னவில்லை என்பதைக் காட்டத்தான் 18 லட்ச சிவில் கூடுதலை அஸ்திவாரம் 6, கம்பி 7, விட்டுப்போனவை 5 என்று பிரித்து வைத்திருந்தேன். கம்பிக்கு, ஒவ்வொரு கம்பியின் நீளமும் எண்ணிக்கையும் எழுதிய வளைவுப் பட்டியலையும் அனுப்பினோம். அதற்குப் பிறகு பேச்சு சுமுகமாகப் போனது.

முழுக் கட்டடத்தையும் முடிக்க 33 லட்சம் கூடக் கடன் வாங்குவது ஒரு வழி. இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு ஆளே இல்லாதபோது அதற்கு வட்டி கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆகவே இரண்டாம் மாடியை உள்ளே முடிக்காமல் நிறுத்த முடிவானது. ஆனால் எதை நிறுத்துவது என்பதில் கவனம் தேவைப்பட்டது. வெளிப்பூச்சு, ஜன்னல், மொட்டைமாடி, கழிப்பறை நீர்க்காப்பு, சுவருக்குள் போகும் பைப்புகள் எல்லாம் முடித்தாக வேண்டும், இவற்றை விட்டால் கீழ் மாடி நனையும், பிறகு சுவரை உடைக்க வேண்டியும் வரும். டைல்ஸ், பெயின்ட், உள்கதவு, ஸ்விட்ச், விளக்கு இவைதான் நின்றவை. டைல்ஸ் பெயின்ட்டில் 6, கதவில் 3, மின்சாரக் காண்ட்ராக்டரோடு பேசிக் குறைத்தது 4, ஆக 13. லிஃப்ட்டை ஒரு நிறுத்தம் குறைக்கலாமா என்று தம்பி கேட்டார். இயந்திரம் தயாரிப்பில் இருந்தது, மிச்சம் எதுவும் தேறாது.

பல் மருத்துவர் கேட்ட 4 லட்ச வேலையை அவரே செய்துகொள்வது, பதிலுக்கு முதல் வருடம் வாடகை ஏற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். விலையேற்றக் கோரிக்கை 2 லட்சத்துக்கு எழுத்தில் முடிந்தது, அதிலேயே புது முடிவுத் தேதியும் வந்தது. தடுப்புச் சுவரை மழைக்குப் பிறகு கட்டலாம் என்றார் காண்ட்ராக்டர். ஜனவரிக்குத் தள்ளினால் செப்டிக் டேங்க்கும் அதோடு தள்ளிப்போகும் என்பதால் உடனே தொடங்கச் சொன்னோம், ஆனால் ஒரே மூச்சில் தோண்டாமல் ஏழு ஏழு மீட்டராக, ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தோண்டுவது என்று.

இதற்கெல்லாம் பிறகு கணிப்பு 256, மோசமான நிலையில் 263. திருத்திய எஸ்டிமேட்டைக் கொண்டுபோய் வங்கியில் 10 லட்சம் கூடுதல் கடன் கேட்டார்கள், கிடைத்தது. முடிக்காத மாடியும் சேர்த்து வேலை பட்டியலாக இருந்ததால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதிகம் குடையவில்லை.

பிறகு நடந்தது

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில் மூன்றாவது பகுதிக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏழு மீட்டரோடு போனது. 28 மீட்டரும் திறந்து கிடந்திருந்தால் ஜெனரேட்டர் மேடை வரை வந்திருக்கும். சுவர் கடைசியில் 7.5 ஆனது, கருங்கல் விலையும் அதற்குள்தான். பாறை வரவில்லை. அலுமினியம் புது கொட்டேஷன் விலைக்கே முடிந்தது. மின் இணைப்புக்கு நாங்கள் பயந்த 4 லட்சம் முழுசாக வந்தது. ஜெனரேட்டர் அறையும் இடம் மாறியது, 2. மழைத் தாமதம் ஒன்றரை மாதம், அதற்கான 2 முழுதும் செலவானது, பட்ஜெட்டுக்கு வெளியே வட்டி இன்னும் ஒன்றரை.

ஏப்ரலில் கணக்கை முடித்தபோது 259. கணிப்பைவிட 3 கூட, மோசமான எண்ணைவிட 4 குறைவு. மின் இணைப்பின் 4 லட்சத்தைத்தான் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் தேட வேண்டியிருந்தது, தம்பி நகைக்கடன் எடுத்துச் சமாளித்தார்.

மாற்ற வேண்டியவை

அந்த நகைக்கடன் வாய்ப்பால் பெருக்கும் முறையின் குறையைக் காட்டுகிறது. சின்னச் சின்ன ரிஸ்க் நிறைய இருந்தால் சராசரி வேலை செய்யும், ஒன்று வராவிட்டால் இன்னொன்று வரும். ஐந்தே ஐந்து இருந்து அதில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால், அது ஒன்று 4 லட்சமாக வரும் அல்லது வராது, 2 லட்சமாக ஒருநாளும் வராது. மொத்தக் கணிப்பில் 2 வைப்பது சரி, பணத்தைக் கையில் வைக்கும் பட்டியலில் 4 வைத்திருக்க வேண்டும். அடுத்த வேலையில் இந்த இரண்டு பட்டியலையும் பிரித்தே போடுகிறேன்.

கம்பி விஷயத்தில், விலைப்பட்டியல் தயாராகும்போதே வளைவுப் பட்டியல் போட்டிருந்தால் 7 லட்சம் முதல் நாளே தெரிந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை. அஸ்திவாரத்தின் 6 லட்சம் அடித்தளம் நிரப்பிய மாதமே எம் புக்கில் ஏறிவிட்டது, விலைப்பட்டியலோடு ஒப்பிட யாரும் இல்லை. அப்போதே தெரிந்திருந்தால் இரண்டாம் மாடிக் கான்கிரீட்டையே தள்ளிவைக்கும் வழி திறந்திருந்தது. செப்டம்பரில் அது மூடிவிட்டது, டைல்ஸையும் பெயின்ட்டையும் மட்டும்தான் தொட முடிந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் 'அளந்தது, பட்டியலில் இருந்தது, வித்தியாசம், ஏன்' என்று நாலு கட்டம் போதும், அரைநாள் வேலை.

வாய்மொழி மாற்றங்களுக்கு இப்போது அந்தக் குடும்பத்தில் ஒரு நோட்டு இருக்கிறது, விலை எழுதாமல் வேலை தொடங்கக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பு. ஷீட் கூரை மட்டும் இன்னும் ஆசைப் பட்டியலில்தான். பிடித்தத் தொகை 8 லட்சம் வருகிற ஏப்ரலில் கொடுக்க வேண்டும், அதற்குமுன் இரண்டு மழைக்காலத்தையும் மொட்டைமாடி தாண்டட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடிக்கு ஆள் வந்தால் அந்த 13 லட்சத்தை அன்றைய ரேட்டில் புதிதாகப் போட வேண்டும், இந்த எண் அப்போது செல்லாது.